கழுத்தில் நெறி கட்டினால்: அல்ட்ராசவுண்டில் வடிவம், ஹைலம், அளவு பார்க்கும் வரிசை

"தம்பி, இங்கதான் நெறி கட்டியிருக்கு. மூணு வாரமா இறங்கவே இல்ல." ஸ்கேன் படுக்கையில் படுத்துக்கொண்டே அந்த அக்கா வலது தாடைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். வயது 46, யீஷூனில் வீடு. பலதுறை மருந்தக டாக்டர் கொடுத்த படிவத்தில் "வலது கழுத்தில் கட்டி" என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. விரலால் தொட்டால் நிலக்கடலை அளவில் ஒன்று உருண்டது. அவருக்கு இருந்த கேள்வி ஒன்றுதான்: இது சாதாரணமா, இல்லையா?

சிங்கப்பூரில் அல்ட்ராசவுண்ட் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கும் முதல் வாரத்திலேயே இப்படி ஒரு கழுத்து வரும். நெறி என்று நம் வீடுகளில் சொல்வது நிணநீர்க் கணுவைத்தான். சுருக்கமாகக் கணு என்றே இங்கே எழுதுகிறேன். ஆரோக்கியமான ஆளின் கழுத்திலும் கணுக்கள் ஏராளமாக இருக்கும், ஸ்கேன் செய்தால் பல தெரியும். ஆகவே கணு இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. கிருமித் தொற்றுக்கு எதிர்வினையாக வீங்கிய கணுவா, ஊசியால் செல் எடுத்துப் பார்க்க வேண்டிய கணுவா என்பதுதான் கேள்வி. அதை வடிவம், கணுவின் வாசலான ஹைலம், அளவு என்ற மூன்றை வைத்துப் பிரிக்கிறோம். இந்த வரிசையிலேயே பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் போகிறார்கள். முதலில் அளந்துவிட்டு, எண் பெரிதாக இருந்தால் பயப்படுகிறார்கள், சிறிதாக இருந்தால் கடந்துவிடுகிறார்கள். அந்த அக்காவின் கழுத்தில் இரண்டு விதமும் இருந்தது. அதனால் அவர் ஸ்கேனை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

படுக்க வைப்பதும் புரோப் வைப்பதும்

தோள்பட்டைக்குக் கீழே ஒரு தலையணையோ சுருட்டிய துண்டோ வையுங்கள். தலை சற்றுப் பின்னால் சாய்ந்து கழுத்து நீள வேண்டும். பார்க்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாக முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். கழுத்து வலி உள்ள முதியவர்களை அதிகம் திருப்ப வேண்டாம், கொஞ்சம் போதும்.

புரோப் என்றால் தட்டை முகமுள்ள லீனியர் புரோப். 10 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் போகக்கூடியதை எடுங்கள். கழுத்தில் நமக்கு வேண்டியவை தோலுக்குக் கீழே 3, 4 சென்டிமீட்டருக்குள் இருப்பதால் ஆழத்தைக் குறைத்து வைத்தால் படம் பெரிதாகத் தெரியும். கெயின் எவ்வளவு என்பதற்கு எளிய அளவுகோல் கரோட்டிட் தமனி. அதன் உள்பகுதி கருப்பாகத் தெரிய வேண்டும், சுவர் தெளிவாக வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டும். உள்ளே சாம்பல் படிந்திருந்தால் கெயின் அதிகம். சுவரே மங்கினால் குறைவு. இதை ஏன் ஆரம்பத்திலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் ஹைலம் காணவில்லை என்று எழுதப்படும் கணுக்களில் சில, உண்மையில் கெயின் குறைவால் காணாமல் போனவை.

இன்னொன்று அழுத்தம். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, புரோப் ஜெல்லின் மேல் மிதப்பது போல வையுங்கள். அழுத்தினால் கணு நசுங்கித் தட்டையாகும், வடிவத்தைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் தவறாகிவிடும். அதற்குள் ஓடும் மெல்லிய ரத்த ஓட்டமும் நின்றுவிடும்.

காட்டிய இடத்தில் நிற்காமல் முழுக் கழுத்தும்

நோயாளி விரல் வைத்த இடத்திலிருந்து தொடங்கலாம், அது அவருக்கு நிம்மதி. ஆனால் அங்கேயே முடிக்கக் கூடாது. கழுத்தை லெவல்களாகப் பிரித்து ஒரே வரிசையில் எல்லோருக்கும் பாருங்கள். தாடைக்குக் கீழே உள்ள பகுதி லெவல் 1. காதுக்குக் கீழே கழுத்தின் பக்கவாட்டில், ஜுகுலர் சிரையை ஒட்டி மேலிருந்து கீழாக லெவல் 2, 3, 4. ஹயாய்ட் எலும்பு வரை 2, கிரிகாய்ட் குருத்தெலும்பு வரை 3, அதற்குக் கீழே காறை எலும்பு வரை 4. காதின் பின்புறத்திலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் பெரிய தசைக்குப் பின்னால் இருப்பது லெவல் 5. நடுவில் தைராய்டைச் சுற்றி லெவல் 6.

புரோப்பைக் குறுக்காக வைத்து, கரோட்டிட்டையும் ஜுகுலரையும் படத்தின் நடுவில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழே மெதுவாக வழுக்கிக்கொண்டு போங்கள். அப்புறம் பின்பக்கம் ஒரு முறை, தாடைக்குக் கீழே ஒரு முறை. பழகிவிட்டால் ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்கள்தான். வழியில் கருப்பாக உருண்டையாக ஏதாவது தெரிந்தால் உடனே கணு என்று முடிவு கட்டாதீர்கள். புரோப்பை 90 பாகை திருப்புங்கள். கயிறு போல நீண்டு ஓடினால் அது நரம்பு, சிரை அல்லது தசை. கழுத்தின் பக்கவாட்டில் ஆழத்தில் வரிசையாகத் தெரியும் கருப்பு உருண்டைகள் பெரும்பாலும் கைக்குப் போகும் நரம்பு வேர்கள். தாடைக் கோணத்துக்குப் பின்னால் டைகாஸ்ட்ரிக் தசையின் பின்பகுதியும் குறுக்கு வெட்டில் கணு போலவே நடிக்கும். திருப்பிப் பார்த்தாலும் இரு முனையும் மூடி நிற்பது கணு.

முதல் கேள்வி: வடிவம்

சாதாரணக் கணு அவரைக்கொட்டை போல இருக்கும். தொற்றால் வீங்கினாலும் அது பெரிய அவரைக்கொட்டையாகத்தான் ஆகும், ஏனென்றால் முழுக் கணுவும் ஒரே சீராகப் பருக்கிறது. புற்றுசெல்கள் உள்ளே குடியேறிப் பெருகும்போது அந்தச் சீர் கெட்டு, கணு உருண்டையாகிக்கொண்டே போகும். இதை ஒரு எண்ணாகச் சொல்ல, குறுகிய அச்சை நீண்ட அச்சால் வகுக்கிறோம். விடை 0.5-க்குக் கீழே இருந்தால் நீள்வட்டம், ஆறுதல். 0.5-க்கு மேலே போய் 1-ஐ நெருங்க நெருங்க உருண்டை, சந்தேகம்.

இங்கே புதியவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. நானும் விழுந்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஓர் இளம்பெண்ணின் கழுத்தில் குறுக்குப் படத்திலேயே நிறுத்தி 8 க்கு 7 மி.மீ. என்று அளந்து, உருண்டை என்று குறித்துக் கொடுத்தேன். மேற்பார்வையிட்ட சீனியர் மறுபடி புரோப்பை வைத்துத் திருப்பினார். அதே கணு 21 மி.மீ. நீளத்துக்கு விரிந்தது. அவரைக்கொட்டையைக் குறுக்கே நறுக்கினால் வட்டமாகத்தான் தெரியும் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அந்தப் பெண் தேவையில்லாமல் ஓர் ஊசிக்குப் போயிருப்பார்.

ஆகவே வேலை இப்படி. குறுக்காகக் கணுவைக் கண்டுபிடியுங்கள். அதை நடுவில் பிடித்தபடி புரோப்பை மெல்லத் திருப்புங்கள். கணு நீண்டுகொண்டே வரும், ஒரு கட்டத்துக்குப் பிறகு சுருங்கத் தொடங்கும். சற்றுப் பின்னால் வந்து அந்த உச்ச நீளத்தில் நின்று, புரோப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து இன்னும் நீளம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கணு கழுத்துக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சாய்வாகவும் இருக்கும். அங்கே படத்தை ஃபிரீஸ் செய்து நீளத்தை அளந்து, அதற்குச் செங்குத்தாக அகலத்தை அளந்துகொள்ளுங்கள். காலிபரைக் கணுவின் உறையின் மேல் வையுங்கள், வெளியே உள்ள கொழுப்பில் அல்ல.

அக்காவின் நெறி லெவல் 2-இல் இருந்தது. நீளம் 23 மி.மீ., அகலம் 8 மி.மீ. 8 ÷ 23 = 0.35. நல்ல நீள்வட்டம்.

வடிவ விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. தாடைக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பியை ஒட்டிய கணுக்களும், காதுக்கு முன்னால் பரோட்டிட் சுரப்பிக்குள் இருப்பவையும் நல்ல நிலையிலேயே உருண்டையாக இருக்கும். அங்கே 0.5 என்ற எண்ணைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்த இடங்களில் ஹைலம்தான் பேச வேண்டும்.

இரண்டாவது கேள்வி: ஹைலம்

அவரைக்கொட்டையின் உள்வளைவில் ஒரு குழி இருக்கும் அல்லவா? கணுவுக்கும் அப்படி ஒரு வாசல் உண்டு. தமனி அதன் வழியாக உள்ளே போகிறது, சிரையும் வடிகட்டிய நிணநீரைக் கொண்டுபோகும் குழாயும் அதன் வழியாக வெளியே வருகின்றன. அதுதான் ஹைலம். அல்ட்ராசவுண்டில் அது கணுவின் நடுவே வெள்ளைக் கீற்றாகத் தெரியும். கொழுப்பு ஹைலம் என்று நாம் சொன்னாலும், வெண்மை முழுக்கக் கொழுப்பால் மட்டும் வருவதில்லை. அங்கே நெருக்கமாக உள்ள நிணநீர்ப் பாதைகளின் சுவர்களும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. வயதானவர்களிடம் கொழுப்பு சேரச் சேர ஹைலம் இன்னும் பளிச்சென்று தெரியும். அதைச் சுற்றிய கருப்புப் பட்டை கார்டெக்ஸ்.

இந்த அமைப்பு ஏன் நமக்கு உதவுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானே வரும். நிணநீர் கணுவுக்குள் ஹைலம் வழியாக நுழைவதில்லை. கணுவின் வெளிவிளிம்பைச் சுற்றிப் பல சிறு குழாய்கள் வந்து சேர்கின்றன, அவற்றின் வழியாகத்தான் நுழைகிறது. முதலில் உறைக்கு அடியில் உள்ள இடைவெளியில் பரவி, கார்டெக்ஸைக் கடந்து, கடைசியில் ஹைலம் வழியாக வெளியேறுகிறது. வேறோர் இடத்திலிருந்து கிளம்பி வரும் புற்றுசெல்லும் இதே வழியில்தான் வரும். ஆகவே அது முதலில் தங்குவது விளிம்பில், கார்டெக்ஸின் ஏதோ ஒரு மூலையில். அந்த மூலை மட்டும் புடைக்கும். பிறகு ஹைலம் ஒரு பக்கமாகத் தள்ளப்படும், மெலியும், கடைசியில் மறையும். தொற்றுக்கு எதிர்வினையாக வீங்கும் கணுவில் கார்டெக்ஸ் சுற்றிலும் ஏறக்குறைய ஒரே தடிமனில் பருக்கும், ஹைலம் நடுவில் தன் இடத்தில் இருக்கும்.

ஆகவே ஹைலம் இருக்கிறதா இல்லையா என்று ஒரு டிக் போட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஹைலம் இருந்தும் கார்டெக்ஸ் ஓரிடத்தில் மட்டும் திமிறி நின்றால் அந்தக் கணுவை விடக் கூடாது. ஆரம்பக் கட்டத்தில் பிடிபடும் கணுக்கள் இப்படித்தான் இருக்கும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஹைலமும் அல்ல. கணுவுக்குள் திசு செத்துப்போன பகுதியும் சில நேரம் வெள்ளையாகத் தெரியும். பிரித்தறிய வழி: வெள்ளைக் கீற்றைப் பிடித்துக்கொண்டு புரோப்பை மெல்லச் சாய்த்து அது எங்கே போகிறது என்று பாருங்கள். உண்மையான ஹைலம் ஏதாவது ஓர் ஓரத்தில் கணுவை விட்டு வெளியேறி, சுற்றியுள்ள கொழுப்போடு போய்ச் சேரும். அந்த வாசலைக் காட்டும் படம் ஒன்றைச் சேமியுங்கள். நான்கு பக்கமும் கார்டெக்ஸ் சூழ, நடுவே தனித்தீவாக வெள்ளை நின்றால் சந்தேகப்படுங்கள்.

கலர் டாப்ளர் இங்கே கைகொடுக்கும். கணுவின் ரத்த ஓட்டம் மெதுவானது, ஆகவே வேக அளவைக் குறைத்து வைக்க வேண்டும். கரோட்டிட்டுக்கு வைத்த அமைப்போடு பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கலர் கெயினைப் புள்ளிகள் தெறிக்கும் வரை கூட்டி, அவை மறையும் வரை சற்றுக் குறையுங்கள். "ஒரு நிமிஷம் எச்சில் விழுங்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். நல்ல கணுவில் ரத்தக்குழாய் ஹைலம் வழியாக நுழைந்து மரக்கிளை போலப் பிரியும். கண்ணுக்கு ஹைலம் மங்கலாக இருந்தாலும் இந்தக் கிளை தெரிந்தால் வாசல் அங்கேதான். ஹைலத்தை விட்டுவிட்டு விளிம்பிலிருந்து குழாய்கள் நேராக உள்ளே குத்தினால் அது நல்ல அறிகுறி இல்லை.

ஹைலம் இல்லை என்று எழுதும் முன் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, கணுவின் அளவு. சுமார் 5 மி.மீ.க்குக் குறைந்த கணுவில் ஹைலம் தெரியாமல் போவது சகஜம், அதைக் குற்றமாக எடுக்க வேண்டாம். இரண்டு, நீள்வெட்டின் நடுவழியாகத்தான் பார்க்கிறோமா என்பது. ஓரத்தை மட்டும் சீவியது போல வெட்டினால் கார்டெக்ஸ் மட்டுமே தெரியும்.

அக்காவின் 23 மி.மீ. கணுவில் ஹைலம் முதுகெலும்பு போல நடுவே நீளமாக ஓடியது. கார்டெக்ஸ் இரு பக்கமும் ஒரே அளவு. டாப்ளரில் ஒரு குழாய் நுழைந்து அழகாகக் கிளை பிரிந்தது. "அக்கா, சமீபத்துல பல்லு ஏதாவது வலிச்சுதா?" என்று கேட்டேன். வலது கடைவாய்ப் பல் ஒரு மாதமாகக் குடைந்துகொண்டிருப்பதாகவும், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிச் சமாளித்ததாகவும் சொன்னார். படிவத்தில் இல்லாத தகவல். வாய், தொண்டைப் பகுதியின் நிணநீர் லெவல் 2 வழியாக வடிவதால் கதை பொருந்தியது.

மூன்றாவதாகத்தான் அளவு

அளவு என்று பேசும்போது குறுகிய அச்சையே பேச வேண்டும். நீளத்தைச் சொல்லி யாரையும் பயமுறுத்தாதீர்கள். 23 மி.மீ. என்று கேட்டால் நெஞ்சு திடுக்கென்கிறது, 8 மி.மீ. என்றால் அப்படி இல்லை. நோயாளிகள் அறிக்கையைப் போனில் திறந்து அந்தப் பெரிய எண்ணைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள்.

குறுகிய அச்சில் 10 மி.மீ. என்பது பலரும் கையில் வைத்திருக்கும் பொதுவான வரம்பு. லெவல் 2-க்குச் சற்றுத் தளர்வு கொடுப்பார்கள், ஏனென்றால் டான்சிலும் பல்லும் தொண்டையும் வாழ்நாள் முழுக்க அந்தக் கணுக்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. கழுத்தில் கீழே இறங்க இறங்கக் கணுக்கள் இயல்பாகவே சிறியவை. லெவல் 4-இல் 9 மி.மீ. உருண்டை என்பது லெவல் 2-இல் அதே 9 மி.மீ. போல அல்ல.

இந்த வரம்பு எங்கே வைத்தாலும் ஒரு விலை உண்டு. குறைத்து வைத்தால் புற்று தங்கிய சிறு கணுக்களும் பிடிபடும், ஆனால் தொற்றால் வீங்கிய பலரும் ஊசிக்குப் போவார்கள். கூட்டி வைத்தால் ஊசிகள் குறையும், சிறு கணுக்கள் தப்பிவிடும். 5, 6 மி.மீ. கணுவிலும் புற்று இருக்க முடியும். அதனால்தான் அளவைக் கடைசியில் வைக்கச் சொன்னேன். முதல் இரண்டு கேள்விகளும் நல்ல பதில் தந்தால் பெரிய அளவை மன்னிக்கலாம். அவை கெட்ட பதில் தந்தால் சிறிய அளவு யாரையும் காப்பாற்றாது.

அளவு தனியாகப் பேசும் ஒரே சந்தர்ப்பம், பழைய படம் கையில் இருக்கும்போது. முன்பே புற்றுநோய் கண்டறியப்பட்டவரின் கழுத்தில் ஒரு கணு ஒவ்வொரு ஸ்கேனிலும் வளர்ந்துகொண்டே போனால், அது இன்னும் 7 மி.மீ.தான் என்றாலும் கவனிக்க வேண்டியதே. ஒப்பிட வசதியாக இருக்க, எந்த லெவல், எந்தப் பக்கம், எதற்கு அருகில் என்பதைப் படத்திலேயே குறித்து வையுங்கள். அடுத்த முறை வேறொருவர் அதே கணுவைத் தேடிப்பிடிக்க வேண்டும்.

கீழே இருந்த இன்னொன்று

கதை பொருந்தியதும் அக்காவை எழுப்பி அனுப்பியிருக்கலாம். வரிசைப்படி கீழே இறங்கினேன். வலது லெவல் 4-இல், ஜுகுலருக்குப் பக்கத்தில், இன்னொரு கணு. திருப்பினேன், நீளவில்லை. இன்னும் திருப்பினேன், அப்போதும் நீளவில்லை. 9 க்கு 8 மி.மீ. 8 ÷ 9 = 0.89. ஹைலம் தேடினேன், எந்த வெட்டிலும் இல்லை. பக்கத்துத் தசையைவிட வெளிறிய நிறம், உள்ளே ஊசிமுனை அளவில் சில வெள்ளைப் புள்ளிகள். டாப்ளரில் குழாய்கள் விளிம்பிலிருந்து கண்டபடி நுழைந்தன. அக்காவுக்கோ டாக்டருக்கோ கையில் தட்டுப்படாத கணு இது. 10 மி.மீ. விதியை மட்டும் நம்பியிருந்தால் தாண்டிப் போயிருக்கும்.

லெவல் 3, 4, 6-இல் வெளிறிய நிறத்தோடும் புள்ளிகளோடும் கணு தெரிந்தால் கை தானாகத் தைராய்டுக்குப் போக வேண்டும். பாப்பிலரி வகைத் தைராய்டு புற்று கணுவுக்குப் பரவும்போது அதற்கு இந்தச் சாயல் உண்டு. சில சமயம் கணுவுக்குள் நீர்க்கட்டி போலவும் இருக்கும். அக்காவின் தைராய்டின் வலப்பக்கத்தில் 12 மி.மீ. அளவில் கருமையான ஒரு முடிச்சு இருந்தது. படுத்திருப்பதைவிட நிமிர்ந்து நிற்கும் வடிவம், உள்ளே அதே வெள்ளைப் புள்ளிகள். படங்களைச் சேமித்துவிட்டு ரேடியாலஜிஸ்டை அறைக்கு அழைத்தேன். அவரும் ஒரு முறை புரோப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, லெவல் 4 கணுவுக்கும் தைராய்டு முடிச்சுக்கும் நுண்ணூசிப் பரிசோதனை என்று எழுதினார்.

"என்ன தம்பி, அந்த டாக்டரும் வந்து பார்க்கறாரு, ஏதாவது பெரிசா?" என்று அக்கா கேட்டார். இந்த இடத்தில் பொய்யும் சொல்லக் கூடாது, நோயின் பெயரையும் நாம் சொல்லக் கூடாது. "நீங்க காட்டின நெறி பல்லால வந்த மாதிரி தெரியுது, அக்கா. கீழே இன்னொரு சின்னது இருக்கு, அதை ஊசி வெச்சு எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். டாக்டர் உங்ககிட்ட பேசுவாரு, அந்த அப்பாயின்ட்மென்ட்டை மட்டும் தள்ளிப் போடாதீங்க" என்றேன். எது உறுதி, எது உறுதியில்லை என்பதைப் பிரித்துச் சொன்னால் கேட்பவர் தாங்கிக்கொள்கிறார்.

இந்த மூன்றும் ஏமாற்றும் இடங்கள்

காசநோய்க் கணு உருண்டையாக, ஹைலம் இல்லாமல், உள்ளே அழுகிய பகுதியோடு இருக்கும். அதாவது புற்றுக்கான எல்லாக் குறிகளும் அதற்கும் உண்டு. பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சுற்றியுள்ள திசுவும் வீங்கித் தெளிவில்லாமல் இருந்தால் காசநோயை நினையுங்கள். சிங்கப்பூரில் அது இன்னும் இருக்கிறது. முதியவர்களிடமும், ஊரிலிருந்து வேலைக்கு வந்து விடுதியில் தங்கும் தம்பிகளிடமும் எடை குறைவு, மாலைக் காய்ச்சல் பற்றித் தமிழிலேயே கேட்டால் படிவத்தில் இல்லாதது கிடைக்கும்.

இளம் ஆசியப் பெண்களுக்குக் கழுத்தின் பின்பகுதியில் காய்ச்சலோடும் வலியோடும் கணுக்கள் வீங்கும் கிகுச்சி நோயும் சந்தேகப்பட வைக்கும் தோற்றம் காட்டும். அது பெரும்பாலும் சில மாதங்களில் தானாக அடங்கிவிடும். அதேபோல், அண்மையில் தோள்பட்டையில் தடுப்பூசி போட்டிருந்தால் அதே பக்கக் காறை எலும்புக்கு மேலே கணு பருக்கலாம். ஊசி போட்ட கை எது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மறுபக்கம் ஏமாற்றுவது லிம்ஃபோமா. அது வெளியிலிருந்து வந்து ஒரு மூலையில் தங்குவது அல்ல, கணுவின் சொந்தச் செல்களே பெருகுவது. ஆகவே ஹைலம் சில நேரம் அப்படியே இருக்கும். கணுக்கள் மிகக் கருப்பாக, உருண்டையாக, இரு பக்கமும் கூட்டமாக இருந்தால், ஹைலம் தெரிகிறது என்று நிம்மதி அடைய வேண்டாம்.

இங்கே சீன இனத்து ஆண்களிடம் மூக்குத் தொண்டைப் புற்று மற்ற நாடுகளைவிட அதிகம் பார்க்கிறோம். பலருக்கு அதன் முதல் அறிகுறியே கழுத்துக் கட்டிதான். லெவல் 2-இன் உச்சியிலும் லெவல் 5-இலும் உருண்டைக் கணுக்கள் தெரிந்தால், ஒரு காது அடைப்பு, சளியில் ரத்தம் பற்றிக் கேட்டு எழுதிவையுங்கள். தொண்டைக்குப் பின்னால் ஆழத்தில் உள்ள கணுக்கள் இந்த நோயில் சீக்கிரமே பாதிக்கப்படும். அவற்றை நம் புரோப் எட்டாது, எம்ஆர்ஐதான் காட்டும். கழுத்து அல்ட்ராசவுண்ட் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு அந்த இடமும் சுத்தம் என்று பொருள் இல்லை.

எழுதிக் கொடுப்பது

ரேடியாலஜிஸ்டுக்குக் கொடுக்கும் குறிப்பில் ஒவ்வொரு முக்கியக் கணுவுக்கும் பக்கம், லெவல், இரு அச்சுகள், வடிவம், ஹைலம், கார்டெக்ஸ் சீரா புடைப்பா, ரத்த ஓட்டம் எங்கிருந்து என்பது இருந்தால் போதும். பார்த்த எல்லா நல்ல கணுக்களையும் அளந்து நிரப்ப வேண்டாம். இரு பக்கமும் ஒரே மாதிரியான நீள்வட்டக் கணுக்கள் உள்ளன என்று ஒரு வரி, பெரியதற்கு மட்டும் அளவு. சந்தேகக் கணுவுக்கு நீள்வெட்டு, குறுக்குவெட்டு, டாப்ளர் என மூன்று படமாவது வேண்டும். ஹைலம் இல்லை என்று சொல்லும் கணுவுக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் சிறு வீடியோவைச் சேமியுங்கள். ஓர் ஒற்றைப் படத்தில் இல்லாததை, இல்லவே இல்லை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அக்காவின் லெவல் 4 கணுவிலிருந்து எடுத்த செல்கள் பாப்பிலரி தைராய்டு புற்று என்று வந்தன. ஊசியைக் கழுவிய நீரிலும் தைரோகுளோபுலின் இருந்தது. அது தைராய்டு செல் மட்டுமே செய்யும் புரதம், நிணநீர்க் கணுவுக்குள் இருக்க வேண்டியதே இல்லை. ஆறு வாரம் கழித்து அறுவை சிகிச்சைக்கு முன் மறுபடி ஸ்கேனுக்கு வந்தார். கடைவாய்ப் பல்லை அதற்குள் பிடுங்கியிருந்தார்கள். லெவல் 4 கணு அப்படியே 9 க்கு 8. அவர் முதலில் விரல் வைத்துக் காட்டிய லெவல் 2 நெறி 15 க்கு 5 ஆகச் சுருங்கியிருந்தது, நடுவில் அதே வெள்ளைக் கீற்று.